பாதியக்கா பார்த்த மஞ்சள்

எங்கள் ஸ்டுடியோவில் நாங்கள் மூன்று பேர்தான். முதலாளி ஆள் பிடிப்பார். நான் படம் பிடிப்பேன். பாதியக்கா குற்றம் பிடிப்பார். ரொம்ப நாள் எல்லாரிடமும் இப்படித்தான் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தேன். இப்போது சொல்வதில்லை. வாய் வருவதில்லை.

அக்காவுக்கு அந்தப் பெயரை வைத்ததும் நான்தான். நாங்கள் எடுப்பது கல்யாண வீடியோ, பள்ளிக்கூட ஆண்டு விழா, புதுக் கடைத் திறப்பு, இந்த மாதிரி. கேமராவிலிருந்து வரும் படம் அப்படியே பார்க்க லட்சணமாக இருக்காது. வெளிச்சமும் நிழலும் தொலையாமல் பத்திரமாக இருக்கட்டும் என்று லாக் என்கிற முறையில் எடுப்போம். பார்த்தால் முகமெல்லாம் சாம்பல் பூசின மாதிரி இருக்கும். அதன் மேல் லட் போடுவோம். லட் என்பது கம்ப்யூட்டரில் இருக்கும் ஒரு சின்ன அட்டவணை. இந்த நிறம் உள்ளே வந்தால் அந்த நிறமாக மாற்றி வெளியே அனுப்பு என்று அதில் எழுதியிருக்கும். ஒரு தட்டு தட்டினால் போதும், செத்த படம் எழுந்து உட்காரும். கடையில் தைத்து விற்கிற சட்டை மாதிரி ரெடிமேடாக எத்தனையோ லட் கிடைக்கிறது.

எனக்கு அந்த ஒரு தட்டோடு வேலை முடிந்தது. அக்காவுக்கு அங்கேதான் வேலை ஆரம்பம். சாம்பல் தெளிந்ததும் அலங்காரத்துக்கென்று இன்னொரு லட்டைப் போடுவார், படத்தைப் பார்ப்பார், நாக்கால் ஒரு சத்தம் கொட்டுவார், அதன் வலுவைப் பாதியாகக் குறைப்பார். சில நாள் பாதிக்கும் கீழே. முழு வலுவில் அவர் ஒரு அலங்கார லட்டை விட்டு நான் பார்த்ததே இல்லை. "அக்கா, காசு குடுத்து முழுசா வாங்கினதை எதுக்குப் பாதி போடுறீங்க?" என்று கேட்டேன். "மருந்துகூட கடையில பாட்டில் பாட்டிலாத்தான் விக்கிறாங்க. ஒரே மடக்குல குடிப்பியா?" என்றார். அன்றிலிருந்து பாதியக்கா. வாடிக்கையாளர்கள்கூட போனில், "பாதியக்கா இருக்காங்களா?" என்றுதான் கேட்பார்கள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. போனை வாங்கி, "பாதிதான் பேசுறேன், சொல்லுங்க" என்பார்.

இந்தத் தொழிலுக்கு அவர் நேர்வழியில் வந்தவர் இல்லை. அதற்கு முன் பதினோரு வருஷம் பெயிண்ட் கடையில் நிறம் கலந்தவர். சுவரிலிருந்து பெயர்ந்த ஒரு சில்லைக் கொண்டுவந்து, இதே நிறம் வேண்டும் என்று ஆட்கள் நிற்பார்கள். எந்த நிறத்துக்கு எந்தச் சாயம் எத்தனை சொட்டு என்று மிஷினில் கணக்கு உண்டு. மற்றவர்கள் மிஷின் ஊற்றியதை மூடி போட்டுக் கொடுத்துவிடுவார்கள். அக்கா அதில் ஒரு துளியை அட்டையில் தடவி, காயவைத்து, கடைக்கு வெளியே வெயிலில் கொண்டுபோய்ச் சில்லோடு சேர்த்து வைத்துப் பார்ப்பார். ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் ஒரு நிறம். ட்யூப்லைட்டில் ஒன்று, வெயிலில் ஒன்று. சரியாக இல்லையென்றால் மேலும் ஒரு சொட்டு. வாடிக்கையாளர் காத்திருந்து அலுத்துக்கொள்வார். ஆனால் அடுத்த தடவையும் அக்காவைத்தான் தேடி வருவார். எங்கள் முதலாளி ஸ்டுடியோ சுவருக்கு நிறம் வாங்கப் போனவர், நிறத்தோடு அக்காவையும் வேலைக்கு அழைத்து வந்துவிட்டார்.

முதலாளி செய்த உருப்படியான காரியங்களைப் பட்டியல் போட்டால் இதுதான் முதலில் வரும். இரண்டாவது என்று ஒன்று இருக்கிறதா என்று யோசிக்க வேண்டும்.

அக்கா வந்த முதல் வாரமே எனக்கு மூக்கறுபட்டது. ஒரு கல்யாண வீடியோவில் கோட்டுப் போட்டிருந்த மாப்பிள்ளை இருட்டில் கரைந்து தலை மட்டும் மிதந்தது. பெண்ணின் நெற்றி சுட்ட செங்கல் போல இருந்தது. கேமரா கெட்டுப்போயிற்று என்று நான் முதலாளியிடம் புது கேமரா கேட்டுக்கொண்டிருந்தேன். அக்கா கேமராவை வாங்கி, அதிலிருக்கும் அமைப்புகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். "தம்பி, இதுலயே லட்டோட பதிவாகுற மாதிரி வெச்சிருக்கீங்க. சாம்பல் படத்தைச் சாதாரணப் படமாக்குற லட்டு கேமராவுக்குள்ளயே ஒரு தடவை விழுந்தாச்சு. கம்ப்யூட்டர்ல அதையே நீங்க ரெண்டாவது தடவை போட்டிருக்கீங்க. குளிச்ச பிள்ளையைத் திரும்பப் பிடிச்சுத் தேய்ச்சா தோல் உரியாம என்ன செய்யும்?" என்றார். முதலாளி என்னைப் பார்த்த பார்வையில் புது கேமரா ஆசை அத்தோடு போயிற்று.

அதன்பிறகு அக்கா ஒரு முறை வைத்தார். முதலில் வெளிச்சத்தையும் வெள்ளையையும் சரி செய்வது. பிறகு சாம்பல் படத்தைச் சாதாரணமாக்கும் லட். அதற்கு மேல் அலங்காரத்துக்கு இன்னொரு லட். மூன்றும் தனித்தனிக் கட்டத்தில். நடுவில் இருப்பதைக் குறைக்கக்கூடாது, குறைத்தால் பழையபடி சாம்பல் தட்டும். அலங்காரத்தைத்தான் பாதியாக்கலாம், கால்வாசியாக்கலாம், பிடிக்கவில்லையென்றால் எடுத்தே விடலாம். "உள்ள போறது சரியா இருந்தாத்தான் வெளிய வர்றது சரியா இருக்கும். லட்டுக்குக் கண்ணு கிடையாது. நீ மஞ்சள் வெளிச்சத்துல எடுத்தியா வெள்ளை வெளிச்சத்துல எடுத்தியான்னு அதுக்கு எப்படித் தெரியும்?" இதை என்னிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்று கணக்கில்லை. நானும் சளைக்காமல் காதில் வாங்காமல் இருந்தேன்.

இன்னொரு பழக்கமும் அவருக்கு உண்டு. கால் மணிக்கு ஒரு தடவை நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார். ஜன்னலுக்கு வெளியே எதிர்க் கட்டடத்தின் சுண்ணாம்புச் சுவரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, திரும்பி வந்து திரையைப் பார்ப்பார். "கண்ணு இருக்கே, அது ரொம்ப நல்ல பிள்ளை. எதைக் காட்டினாலும் அஞ்சு நிமிஷத்துல அதுதான் சரின்னு ஒத்துக்கும்" என்பார். வேலைக்கள்ளத்தனத்துக்கு நல்ல சாக்கு கண்டுபிடித்திருக்கிறார் என்று முதலாளியிடம் கோள் சொன்னேன். உண்மையாகவே சொன்னேன். நன்றி சொல்ல வந்த இடத்தில் இதையும் ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது.

எனக்கும் அவருக்கும் பெரிய சண்டை பொன்மாலையை வைத்து. அது நான் தேடிப் பிடித்த ஒரு அலங்கார லட். சாயங்கால வெயிலில் நிற்கிற மாதிரி எல்லாரையும் பொன்னாக்கும். ஜனங்களுக்குக் கொள்ளைப் பிரியம். நான் முழு வலுவில் போட்டுக் காட்டி வேலை பிடித்துவருவேன். அக்கா அதை முப்பது, நாற்பது சதவீதத்துக்கு இறக்கிவிடுவார். "மின்னுறது பிடிக்கலையா உங்களுக்கு?" என்று கேட்டால், "மின்னட்டும். ஆனா அவங்கவங்க முகம் அவங்கவங்ககிட்ட இருக்கட்டும்" என்பார்.

அப்படியிருக்கும்போதுதான் எனக்குப் பையன் பிறந்தான். கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்துப் பிறந்தவன். நானும் என் மனைவியும் அவன் விடுகிற மூச்சை முறை வைத்து எண்ணிக்கொண்டிருந்தோம். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அனுப்பும்போது நர்ஸம்மா என்னைத் தனியாக நிறுத்தி, உடம்போ கண்ணோ மஞ்சளாகத் தெரிந்தால், பால் குடிக்காமல் தூங்கிக்கொண்டே இருந்தால் உடனே தூக்கிக்கொண்டு வரச் சொன்னார். தலையைத் தலையை ஆட்டினேன். கையில் பிள்ளை இருந்தது. காதில் என்ன ஏறும்?

மாமியாருக்குக் கால் எலும்பு முறிந்து கட்டுப் போட்டிருந்ததால் அவரால் பேரனைப் பார்க்கப் பயணம் செய்து வர முடியவில்லை. மாமனார் அவரை விட்டு நகர முடியாது. "ஒரு வீடியோவாவது எடுத்து அனுப்புங்க மாப்பிள்ளை" என்று மாமியார் அழுதார். படம் பிடிக்கிறவன் பிள்ளையை நான் போனில் எடுத்து அனுப்புவேனா? நான்காம் நாள் மத்தியானம் ஸ்டுடியோ கேமராவை வீட்டுக்குத் தூக்கிப் போனேன். எங்கள் படுக்கையறையில் ஒரே ஒரு ஜன்னல். அதில் கெட்டித் துணியில் மஞ்சள் திரை. வெயில் அதன் வழியாக வடிந்து வரும். பிள்ளைக்குக் கண் கூசும் என்று வீடு வந்த நாளிலிருந்து நாங்கள் அந்தத் திரையை விலக்கவே இல்லை. சாயங்காலம் ஆனால் மஞ்சள் பல்பு. வெள்ளைத் துண்டு, வெள்ளைக் குல்லா, நடுவில் என் பையன். அவன் விரல்கள் அவன் அம்மாவின் ஆள்காட்டி விரலைப் பிடித்துக்கொண்டிருப்பதைக் கிட்டத்தில் எடுத்தேன். ஒரே ஒரு தடவை அரைக்கண் திறந்தான், அதையும் எடுத்தேன். அழவே இல்லை. "என்ன சமத்து பாருங்க, பாலுக்குக்கூட எழுப்பினாத்தான் எழுந்திரிக்கிறான்" என்றாள் மனைவி. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் காலையில் ஸ்டுடியோவுக்கு வந்ததும் என் கையாலேயே பொன்மாலையை முழு வலுவில் போட்டு, முதல் ஒரு நிமிஷத்தை மாமியார் வீட்டுக்கு அனுப்பினேன். உறவுக்காரர்கள் அத்தனை பேருக்கும் அது போயிற்று. போன் ஓயவில்லை. தங்க விக்கிரகம் என்றார் மாமனார். தங்கமாக ஜொலிக்கிறான் என்றாள் கொழுந்தி. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. என் குஞ்சோ பார்த்தவர்களுக்கெல்லாம் பொன் குஞ்சு. மிச்சம் ஆறு நிமிஷத்தையும் அதே மாதிரி முடித்து மத்தியானத்துக்குள் அனுப்பிவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன். அக்கா டிபன் பாத்திரத்தை மேஜையில் வைத்துவிட்டு என் பின்னால் வந்து நின்றார்.

"என் மருமகனா? எங்க, காட்டு."

காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். நாக்கால் அந்தச் சத்தம். "எந்திரி தம்பி, நான் பண்ணித் தரேன்."

"அக்கா, இது என் பிள்ளை. என் பிள்ளைக்கு நான் என்ன கலர் போட்டா உங்களுக்கு என்ன? இன்னைக்கு ஒரு நாள் பாதி, முக்கால்னு ஆரம்பிக்காதீங்க."

"உன் பிள்ளைங்கிறதாலதான் சொல்றேன். பெரியவன் ஆனதும் பார்க்கப்போறான் இல்ல? அன்னைக்கு அந்த ரூம்ல எப்படி இருந்தான்னு தெரிய வேணாமா? பத்து நிமிஷம் குடு."

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு எழுந்து இடம் விட்டேன். அக்கா உட்கார்ந்தார். பொன்மாலையை அடியோடு எடுத்தார். முதல் கட்டத்துக்குப் போனார். குல்லா, துண்டு, தலையணை உறை, மூன்றும் மஞ்சள் பூத்து இருந்தன. "ஜன்னல்ல மஞ்சள் திரையா?" என்று திரும்பாமலே கேட்டார். ஆமாம் என்றேன். பக்கத்தில் ஓடும் வரைபடத்தில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தனித்தனி உயரத்தில் நின்றன. வெள்ளைத் துணி என்றால் அங்கே மூன்றும் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். நீலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, சிவப்பைச் சற்று இறக்கி, மூன்றையும் ஒன்றாகக் கொண்டுவந்தார். குல்லா வெள்ளையாயிற்று. துண்டு வெள்ளையாயிற்று. என் மனைவியின் கை, அது எப்போதும் இருக்கிற மாநிறத்துக்கு வந்தது. நன்றாகத்தான் இருக்கிறது என்று எனக்கே பட்டது. வாயால் சொல்லவில்லை.

அக்கா எழுந்து ஜன்னலுக்குப் போய் எதிர்ச்சுவரைப் பார்த்தார். திரும்பி வந்து உட்கார்ந்தார். விரலைப் பிடித்திருக்கும் அந்தப் படத்தில் நிறுத்தினார். அம்மா விரல் ஒரு நிறம்; பிள்ளை விரல்கள் வேறு நிறம்.

"பிள்ளை மட்டும் மஞ்சளா நிக்கிறான்" என்றார்.

"அதான் திரைன்னு சொன்னேனே."

"திரையை எடுத்தாச்சு தம்பி. திரைன்னா குல்லாவுலயும் இருக்கணும், அம்மா கையிலயும் இருக்கணும். மூணும் ஒரே வெளிச்சத்துலதான் இருக்கு." நிறம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று காட்டும் வட்டத்தைத் திறந்தார். அதில் தோலுக்கென்று ஒரு கோடு உண்டு. கறுப்பானவரோ வெளுப்பானவரோ, தோலுக்கு அடியில் ஓடுவது ஒரே ரத்தம் என்பதால் எல்லாருடைய தோலும் கிட்டத்தட்ட அந்தக் கோட்டின் மேலேயே விழும். முதலில் என் மனைவியின் கையை மட்டும் கட்டம் கட்டிக் காட்டினார். புள்ளிகள் கோட்டிலேயே படுத்தன. கட்டத்தை நகர்த்திப் பிள்ளையின் மேல் வைத்தார். புள்ளிகள் கோட்டை விட்டு விலகி மஞ்சள் பக்கம் சாய்ந்து நின்றன.

எனக்கு எரிச்சல். மத்தியானம் ஆகிக்கொண்டிருந்தது. "மஞ்சளை மட்டும் பிடிச்சுக் குறைச்சு விட்டுடுங்கக்கா. தினம் செய்றதுதானே?" என்றேன்.

தினம் செய்வதுதான். பிள்ளையின் தோல் நிறத்தை மட்டும் தேர்ந்தெடுத்து, கோட்டுப் பக்கம் ஒரு இழுப்பு இழுத்தால் போதும். ரோஜா நிறத்தில் ஒரு குழந்தை கிடைத்திருக்கும். மாமியார் மகிழ்ந்திருப்பார். அக்காவும் அதற்குத்தான் கையை நீட்டினார். நீட்டிய கை மவுசின் மேல் அப்படியே நின்றது. அதைச் செய்யாமல், பிள்ளை அரைக்கண் திறந்த இடத்தைத் தேடிப் போனார். பெரிதாக்கினார். குல்லா வெள்ளை. கண்ணின் வெள்ளை, வெள்ளையாக இல்லை.

"தம்பி, பிள்ளை நல்லாப் பால் குடிக்கிறானா?"

"குடிப்பான். எழுப்பினா குடிப்பான். பெரும்பாலும் தூக்கம்தான், ரொம்ப சமத்து."

அக்கா நாற்காலியைத் திருப்பி என்னை நேராகப் பார்த்தார். "நான் டாக்டர் கிடையாது. எனக்குத் தெரிஞ்சது கலர் ஒண்ணுதான். இந்த மஞ்சள் வெளிச்சத்துல வந்தது இல்ல, கேமராவுல வந்தது இல்ல, லட்டுல வந்தது இல்ல. எல்லாத்தையும் ஒவ்வொண்ணா கழிச்சுப் பார்த்துட்டேன். மிச்சம் நிக்கிறது பிள்ளைகிட்டயே இருக்கிறது. வீட்டுக்குப் போன் போடு. திரையை விலக்கிட்டு, வெயில் படாத நல்ல வெளிச்சத்துல வெச்சு, கண்ணைப் பார்க்கச் சொல்லு."

நர்ஸம்மா சொன்னது அப்போதுதான் காதுக்குள் வந்து விழுந்தது. போன் போட்டேன். அவசரத்தில் இரண்டு தடவை வேறு யாருக்கோ போயிற்று. மனைவி எடுத்தாள். விஷயத்தைச் சொன்னேன். திரை வளையங்கள் கம்பியில் உரசும் சத்தம் கேட்டது.

"என்னடி? சொல்லு."

"என்னங்க… மஞ்சளாத்தாங்க இருக்கு. கண்ணு, நெஞ்சு, வயிறு எல்லாம். என் கையைப் பக்கத்துல வெச்சுப் பார்த்தேன். ஐயோ, எனக்கு ஏங்க இது தெரியல?"

சத்தம் கேட்டு வந்த முதலாளி சாவியை எறிந்து, "என் வண்டியை எடுத்துட்டுப் போப்பா" என்றார். அக்கா தன் பையை எடுத்துக்கொண்டு முன்னால் இறங்கிவிட்டார். வழியில் நான் வண்டியை விரட்டினேன். அவர் ஒரு வார்த்தைதான் பேசினார். "வண்டியைப் பார்த்து ஓட்டு. நாம பத்திரமாப் போனாத்தான் அவனுக்கு உதவி."

வீட்டுக்குப் போய் மனைவியையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு விரைந்தோம். அங்கே அவன் குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். குத்தும்போது அவன் ஒரு சின்ன முனகல் முனகிவிட்டு மறுபடி தூங்கினான். அந்தச் சமத்து இப்போது வேண்டாம், அழட்டும் என்று இருந்தது எனக்கு. அரை மணியில் டாக்டரம்மா வந்தார். "மஞ்சள் காமாலை. நிறையப் பிள்ளைங்களுக்கு வரும், தானாப் போயிடும். இவனுக்கு ஏறிக்கிட்டே போகுது. ரத்தத்துல அந்த மஞ்சள் இருபத்தொண்ணு இருக்கு. இருபத்தஞ்சு பக்கம் போனா ரத்தத்தையே மாத்த வேண்டி வரும். விட்டுட்டா மூளையைப் பாதிக்கும், காது கேக்காமப் போகலாம். நல்ல வேளை, இன்னைக்கே கொண்டுவந்தீங்க. எப்படிக் கண்டுபிடிச்சீங்க? உங்க நிறத்துப் பிள்ளைங்களுக்கு வீட்டுல கண்டுபிடிக்கிறது கஷ்டமாச்சே."

நான் அக்காவைக் காட்டினேன். டாக்டரம்மா, "நீங்க நர்ஸா?" என்று கேட்டார். "இல்லீங்க. கல்யாண வீடியோவுக்குக் கலர் பார்க்கிறேன்" என்றார் அக்கா.

காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். எங்கள் வீட்டில் கண்டதெல்லாம் மஞ்சளாக இருந்ததால் காமாலை கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று. அதற்கு மேல் நான் வேறு பொன் பூசி ஊருக்கெல்லாம் அனுப்பினேன். அத்தனை பேர் பார்த்தார்கள், அத்தனை பேரும் பாராட்டினார்கள். யாரைக் குற்றம் சொல்ல? நான் காட்டியதைத்தானே அவர்கள் பார்த்தார்கள்.

பையனை நீல விளக்குக்கு அடியில் போட்டார்கள். கண்ணுக்குத் துணிக்கட்டு, இடுப்பில் சின்னத் துணி, மற்றபடி வெற்றுடம்பு. பால் கொடுக்க மட்டும் வெளியே எடுப்பார்கள். மனைவி கண்ணாடிக்கு வெளியே உட்கார்ந்து, "நான் பார்த்திருக்கணும், பெத்தவ நான் பார்த்திருக்கணும்" என்று ஒரே பாட்டாகப் புலம்பினாள். அக்கா அவள் பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். "நீ ராத்திரி பகலா அந்த ரூமுக்குள்ளயே இருந்தவ. உன் கண்ணு அந்த மஞ்சளைத்தான் வெள்ளைன்னு எடுத்துக்கும்மா. யார் கண்ணா இருந்தாலும் அதைத்தான் செய்யும். நான் அந்த ரூம்ல இருந்திருந்தா எனக்கும் தெரிஞ்சிருக்காது. நீ தப்பு ஒண்ணும் பண்ணல." வேறு யார் சொல்லியும் அடங்காதவள் அந்தப் பேச்சுக்கு அடங்கினாள். அது ஆறுதலுக்குச் சொன்ன வார்த்தை இல்லை, தொழில் தெரிந்தவர் சொன்ன உண்மை என்று அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும்.

மறுநாள் வேலை முடிந்ததும் அக்கா வந்தார். பையன் தோல் தெளிந்திருந்தது. "மஞ்சள் போயிடுச்சுக்கா, பாருங்க" என்று நான் குதித்தேன். அவர் நீல விளக்கை அண்ணாந்து பார்த்தார். "இந்த வெளிச்சத்துக்கு அடியில நிறம் பார்த்து எதுவும் சொல்லாத தம்பி. என் கண்ணையும் நம்பாத. ரத்தத்துல எவ்வளவுன்னு கேளு" என்றார். நர்ஸம்மா சிரித்துவிட்டு, "அக்கா சொல்றது சரிதான், விளக்கு பட்ட தோல் வெளுத்துத்தான் தெரியும்" என்று தாளைப் பார்த்துச் சொன்னார். பதினேழு. இறங்கிக்கொண்டிருந்தது.

நன்றி சொல்ல அன்று வாயெடுத்தேன். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. கோள் சொன்னதிலிருந்து ஆரம்பித்தேன். "உங்களைப் பத்தி முதலாளிகிட்ட வேலைக்கள்ளின்னு சொல்லியிருக்கேன்க்கா" என்றேன். "தெரியும். அவர் அன்னைக்கே வந்து சொல்லிட்டார். கொஞ்சம் சத்தமாச் சிரிச்சோம்" என்றார். நான் அழுதுவிட்டேன். ஆஸ்பத்திரி நடையில், போகிற வருகிறவர்கள் பார்க்க, கட்டுமஸ்தான ஆம்பிள்ளை, கையில் ஒரு காலி ஃப்ளாஸ்கோடு.

அந்த வீடியோவை என்ன செய்வது என்று பிற்பாடு ஒரு பேச்சு வந்தது. அழித்துவிடலாம் என்றேன் நான். வேண்டாம் என்றாள் மனைவி. அக்கா அதை முடித்துக் கொடுத்தார். அறை அறை மாதிரி இருந்தது, குல்லா வெள்ளையாக இருந்தது, பிள்ளை அன்றைக்கு இருந்த மாதிரியே மஞ்சளாக இருந்தான். அதன் மேல் பொன்மாலையை ஒரு சிட்டிகை, பத்து சதவீதம், எனக்காகப் போட்டதாகச் சொன்னார். மாமியார் வீட்டுக்கு அதை அனுப்பி, நடந்ததையும் சொன்னோம். இன்றைக்கும் எங்கள் உறவில் எந்த வீட்டில் குழந்தை பிறந்தாலும் முதல் காரியமாக மாமியார் போன் போட்டுத் திரையை விலக்கச் சொல்கிறார்.

என் பிழைப்பும் மாறித்தான் போயிற்று. இப்போது யாருடைய முகத்துக்கும் ஒரு தட்டோடு நிறுத்துவதில்லை. லட்டைப் போட்டபின் நிறுத்தி, எழுந்து, சுவரைப் பார்த்துவிட்டு வருகிறேன். முதலாளி தலையில் அடித்துக்கொள்கிறார், இரண்டு முழுச் சம்பளத்துக்கு இரண்டு பாதி என்று.

ஆனால் நான் மறக்காமல் வைத்திருப்பது ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் காலை. அளவு நன்றாக இறங்கிவிட்டது என்று விளக்கை அணைத்துவிட்டார்கள். கண் கட்டை நர்ஸம்மா மெதுவாக எடுத்தார். பையன் இரண்டு கண்ணையும் திறந்து பார்த்தான். கையையும் காலையும் உதறினான். அப்புறம் வாயைத் திறந்து அழுதான் பாருங்கள், பிறந்த அன்றைக்குக்கூட அப்படி அழவில்லை. அந்த வார்டே திரும்பிப் பார்த்தது. மனைவி அவனைத் தூக்கப் போனவள் தூக்காமல் நின்று கேட்டாள், சிரித்தாள், அழுதாள். எனக்கு யாரிடமாவது சொல்லியாக வேண்டும் போல இருந்தது. மாமியாருக்குப் போடவில்லை, முதலாளிக்குப் போடவில்லை. அக்காவுக்குப் போட்டேன். எடுத்ததும் போனைப் பையன் வாய்க்குப் பக்கத்தில் பிடித்தேன். அவன் விடாமல் கத்தினான். போனைத் திரும்பக் காதில் வைத்தபோது அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம்தான் கேட்டது.

"அக்கா, கேட்டீங்களா?"

"கேட்டேன் தம்பி, கேட்டேன்" என்றார். குரல் உடைந்திருந்தது. "பிள்ளைக்குப் பசிக்குதுடா. போனை வெச்சிட்டுப் பால் குடுக்கச் சொல்லு, போ."